பூங்காவில் காலை யோக வகுப்பு: வெறும் வயிற்றில் வரலாமா?

அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை தொடங்கி, நம் மருத்துவமனைக்கு எதிரேயுள்ள மாநகராட்சிப் பூங்காவில், புதிதாகப் பயில்வோருக்கான யோக வகுப்பை நடத்தவிருக்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 6 மணி முதல் 7 மணி வரை வகுப்பு நடைபெறும். கட்டணம் இல்லை. நோயாளிகளும் அவர்களுடன் வருவோரும் சேர்ந்தே பயிலலாம்.

இவ்வறிவிப்பைப் புறநோயாளிகள் பிரிவின் பலகையில் முதலில் ஒட்டியபோது, கொண்டுவர வேண்டியவை என்று நான்கைக் குறித்திருந்தோம்: தளர்வான உடை, ஒரு விரிப்பு, தண்ணீர், வெறும் வயிறு. அன்று மாலையே ஒரு பெண்மணி எங்களைத் தேடி வந்தார். “அம்மா காலை ஐந்தரைக்கே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அதற்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு அனுப்பலாமா?” என்று கேட்டார். அனுப்பக் கூடாது என்பதே விடை. பலகையிலிருந்த நான்காம் வரியை அன்றே அடித்துவிட்டோம். அதற்கான காரணத்தை இங்கே விளக்குகிறோம்.

வெறும் வயிற்றில் யோகம் பயில வேண்டும் என்ற வழக்கம் பிழையானதன்று. வயிறு நிறைந்திருக்கும்போது முன்குனிந்தாலோ உடலை முறுக்கினாலோ குமட்டலும் நெஞ்செரிச்சலும் உண்டாகும். ஆனால் இவ்விதி, வயிறு நிறைய உண்டவருக்காக ஏற்பட்டது. இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொள்பவர், சிறிதளவு உணவைப் பயிற்சிக்கு அரை மணி முன்பு உண்டால் அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. உண்ணாமல் வந்தால்தான் ஆபத்து.

சர்க்கரை மருந்துகள் எல்லாம் ஒரே விதமாக வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்துக்கொள்பவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்வது அரிது. கிளிமிப்பிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கின்றன. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. ஊசி வழியே செலுத்தப்படும் இன்சுலினும் அப்படியே. இவற்றோடு உடலுழைப்பும் சேரும்போது, தசைகள் தம் பங்குக்கு இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் அது தாழ்சர்க்கரை நிலை.

அந்தப் பெண்மணியின் தாயாருடைய நாளையே எடுத்துக்கொள்வோம். பெயரைத் தவிர்த்து எழுத அவர்கள் இசைந்துள்ளனர். அவருக்கு வயது 62. இரவு உணவு 7.30 மணிக்கு. காலை 5.30 மணிக்குக் கிளிமிப்பிரைடும் மெட்ஃபார்மினும், அவற்றோடு இரத்த அழுத்தத்துக்கான ஒரு மாத்திரையும் நீர் பிரியச் செய்யும் ஒரு மாத்திரையும் விழுங்குவார். வழக்கமாக 6 மணிக்கு இட்லி உண்டுவிடுவதால் இதுவரை தொல்லை இல்லை. வகுப்பில் சேர்ந்தால் சிற்றுண்டி 7.30 மணிக்குத் தள்ளிப்போகும். அதாவது, பன்னிரண்டு மணி நேரம் உண்ணாதிருந்த உடலில், மாத்திரை இரண்டு மணி நேரம் தனியே வேலை செய்யும். நடுவில் ஒரு மணி நேரப் பயிற்சி வேறு.

இப்படிப்பட்டவருக்கு 6.40 மணியளவில் என்ன நேரக்கூடும்? கை இலேசாக நடுங்கும். நெஞ்சு படபடக்கும். நெற்றியிலும் கழுத்திலும் வியர்க்கும். புதிதாகப் பயில்பவர் இவற்றைப் பயிற்சியின் களைப்பு என்றே எண்ணுவார். ஆனால் எங்கள் வகுப்பின் பயிற்சிகள் மெதுவானவை. விடியற்காலைக் குளிரில் அவற்றைச் செய்பவருக்குச் சட்டை நனையும்படி வியர்க்கக் காரணமில்லை. அசையாமல் நிற்கும்போது குளிர்ந்த வியர்வை வந்தால், அதைச் சர்க்கரைத் தாழ்வாகவே கொள்ள வேண்டும். அட்டினலால், புரோப்பிரனலால் போன்ற மாத்திரைகளை எடுத்துக்கொள்வோர்க்கு நடுக்கமும் படபடப்பும் வெளித் தெரியாமல் மறைந்துவிடலாம். வியர்வை மட்டும் மறையாது. அவர்கள் வியர்வையையே முதல் அடையாளமாகக் கருத வேண்டும்.

வகுப்பின் இறுதியில் பத்து நிமிடம் சவாசனம் உண்டு. அனைவரும் கண்களை மூடி அசைவின்றிப் படுத்திருப்பர். தாழ்சர்க்கரையால் மயங்கத் தொடங்கியவரும் அவ்வாறே படுத்திருப்பார். பார்ப்பவர்க்கு ஆழ்ந்த ஓய்வாகத் தோன்றும். ஆகவே சவாசனம் முடிந்தவுடன் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, “இன்று என்ன கிழமை?” என்று கேட்போம். தெளிவாகவும் உடனடியாகவும் விடை வர வேண்டும். விடை தடுமாறினாலோ, காரணமின்றி எரிச்சல் வெளிப்பட்டாலோ, அது தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட மாட்டோம். உடன் வந்திருப்பவர்கள் இக்கேள்வியைத் தாங்களே கேட்கலாம். அவரது இயல்பான பேச்சை எங்களைவிட நீங்களே நன்கறிவீர்கள்.

அடையாளம் தெரிந்தால் செய்ய வேண்டியது எளிது. பயிற்சியை நிறுத்தி உட்கார வேண்டும். மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இது ஏறத்தாழ 15 கிராம். பதினைந்து நிமிடம் கழித்து விரல் நுனி இரத்தத்தைக் கருவியில் சோதித்து, அளவு இன்னும் 70க்குக் கீழே இருந்தால் அதே அளவை மீண்டும் கொடுக்க வேண்டும். அளவு தேறிய பிறகு சிற்றுண்டி உண்ண வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108ஐ அழைக்க வேண்டும்.

இத்தனையும் நேராமல் தடுக்கும் வழி முந்தையதே. அந்தத் தாயாரை அவருடைய மருத்துவரிடம் அனுப்பினோம். சர்க்கரை மாத்திரைகள் இரண்டையும் 7.30 மணிச் சிற்றுண்டியோடு எடுத்துக்கொள்ளுமாறு மருத்துவர் மாற்றியமைத்தார். 5.30 மணிக்கு ஒரு சிறு வாழைப்பழம் உண்ணச் சொன்னார். முதல் இரண்டு வாரங்களுக்கு, புறப்படும் முன் கருவியில் அளவைப் பார்க்க வேண்டும்: 90க்குக் கீழே இருந்தால் மேலும் ஒரு பழமோ அரைக் குவளைப் பாலும் இரண்டு பிஸ்கட்டுகளுமோ உண்டு, அளவு ஏறிய பின் வர வேண்டும், 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரை நீர் குடித்து, அன்று வகுப்புக்கு வராமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். இந்த ஏற்பாடு அவருடைய மருந்துகளுக்காகச் செய்யப்பட்டது. உங்கள் மாத்திரையின் நேரத்தை உங்கள் மருத்துவரே மாற்ற வேண்டும். இரவில் இன்சுலின் போட்டுக்கொள்வோர் கட்டாயமாகக் கேட்டுவிட்டே வர வேண்டும்.

அவருடைய நீர் மாத்திரையும் வகுப்புக்குப் பின் தள்ளிவைக்கப்பட்டது. படுத்திருப்பவர் எழுந்து நிற்கையில், அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் தேங்குகிறது. நலமுள்ள உடலில் இரத்தக் குழாய்கள் சில நொடிகளில் சுருங்கி இதை ஈடுசெய்துவிடும். நீர் மாத்திரை எடுத்துக்கொள்பவர், ஆண்களில் புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் எடுத்துக்கொள்பவர், நெடுநாள் சர்க்கரை நோயால் நரம்பு பாதிக்கப்பட்டவர் ஆகியோருக்கு இந்த ஈடுசெய்தல் போதாமல் போகலாம். எழுந்த மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ இறங்கினால் அதை நிலைமாற்ற இரத்த அழுத்தத் தாழ்வு என்பர். கண் இருளும், தலை இலேசாகும், சிலர் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வர்.

ஆதலால் எங்கள் வகுப்பில் சவாசனத்திலிருந்து எழுவதையும் ஒரு பயிற்சியாகவே கற்பிக்கிறோம். முதலில் கால் விரல்களையும் கணுக்காலையும் பத்து முறை அசைக்க வேண்டும். பின் வலப்பக்கம் திரும்பி ஐந்து மூச்சுகள் வரை படுத்திருக்க வேண்டும். கையை ஊன்றி உட்கார்ந்து, ஒரு நிமிடம் பேசாமல் இருந்து, சில மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும். அதன் பிறகே அருகிலுள்ள பூங்கா இருக்கையைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். எழுந்ததும் நடக்கத் தொடங்காமல், இருக்கையைப் பிடித்தபடியே இருபது வரை எண்ணுங்கள். தலை சுற்றினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்; கூச்சம் வேண்டா. இரண்டு நாட்கள் தொடர்ந்து சுற்றினால் மருந்தின் அளவை மருத்துவர் பார்க்க வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது.

தலை கீழாகும் ஆசனங்கள் இவ்வகுப்பில் இல்லை. சிரசாசனத்தின்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காவதைச் சென்னை ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் காட்டியுள்ளனர். தலையைத் தாழ்த்தும் மற்ற நிலைகளிலும் ஓரளவு ஏற்றம் உண்டு. கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்து விடுவோர், இடுப்புக்குக் கீழே தலையைக் குனியாமல், அதே பயிற்சியை நாற்காலியில் அமர்ந்து செய்வதற்கு வழி வைத்திருக்கிறோம். மூச்சுப் பயிற்சியிலும் மூச்சை உள்ளே நிறுத்தச் சொல்ல மாட்டோம். நிறுத்தி அழுத்தினால் இரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்கும்.

வகுப்பில் சேர விரும்புவோர் புறநோயாளிகள் பிரிவில் ஓர் அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். அதில் பெயர், எடுத்துக்கொள்ளும் எல்லா மருந்துகளும் அவற்றின் நேரமும், உடன் வருபவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி, மருத்துவரிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் அட்டைப்பெட்டியையோ மாத்திரைத் தாளையோ கொண்டுவாருங்கள், நாங்களே எழுதிக்கொள்கிறோம். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், நெஞ்சுவலிக்குச் சிகிச்சை பெற்று ஆறு வாரங்கள் ஆகாதவர்களும் இப்போதைக்குக் காத்திருக்க வேண்டும்.

பலகையில் இப்போதுள்ள நான்காம் வரி இது: “சர்க்கரை மருந்து எடுப்போர் சிறிது உண்டு வரவும், சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும்.” எங்கள் பையிலும் சோதனைக் கருவியோடு சில பொட்டலங்கள் இருக்கும். அந்தத் தாயாரும் மகளும் முதல் நாளே வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்குச் சர்க்கரை இல்லை; அவர் வெறும் வயிற்றில் வரலாம்.