கோட்டை இறக்காதீர்கள்

பருவால் வந்த குழி கண்ணில் படுவதற்குப் பெரும்பாலும் காரணம் நிழல்தான். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது குழியின் ஒரு விளிம்பு மினுங்கும், மறு விளிம்பு இருண்டு போகும். விளக்கு நேர் எதிரே எரியும் சலூன் கண்ணாடியில் இது அவ்வளவாகத் தெரியாது. அதனால் தாடி வெட்டுவதற்கு முன் பகலில் ஒரு ஜன்னலோரம் பக்கவாட்டாக நின்று, குழிகள் கன்னத்தில் எந்த உயரத்தில் முடிகின்றன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நடுக் கன்னத்திலிருந்து தாடை வரை குழிகள். வழக்கமாக இவர் சலூனில் உட்கார்ந்ததும் கன்னத்தின் குறுக்கே பிளேடால் கூர்மையாக ஒரு கோடு விழும். பார்ப்பவர் கண் முதலில் அந்தக் கோட்டுக்குத்தான் போகும். அதற்கு மேலேயே மழித்துப் பளபளக்கும் தோலும் குழிகளும். தானாக வளர்ந்து மறைத்திருக்கும் முடியையும் அந்த பிளேடு எடுத்துவிடுகிறது. என்னைக் கேட்டால், தழும்புள்ள கன்னத்துக்கு இதைவிட மோசமான வெட்டு கிடையாது.

அவர் செய்ய வேண்டியது, முதலில் மூன்று வாரம் கன்னத்தைத் தொடாமல் விடுவது. முகத்து முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால், அதற்குள் 6 மில்லிமீட்டராவது வந்துவிடும். இந்த நீளம் ஏன்? ஆழமான தழும்பில் முடியின் வேர் அழிந்திருக்கும், அங்கே முடி முளைக்காது. பக்கத்து முடிதான் சாய்ந்து அதன்மேல் படிய வேண்டும். 1 மில்லிமீட்டர் தாடியால் அது முடியாது. சுற்றிலும் கருமை, நடுவில் சொட்டை என்று குழியை இன்னும் எடுத்துக்காட்டும். அதற்காக மிக நீளமாகவும் விடக் கூடாது. கன்னத்தில் முடி அடர்த்தி குறைந்தவர்களுக்கு நீண்ட முடி கனத்தில் கீழே தொங்கி, இடையில் தோல் தெரியும்.

பிறகு டிரிம்மரில் 6 மில்லிமீட்டர் சீப்பை மாட்டி முழுக்க ஒரே சீராக வெட்டலாம். மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் 3 மில்லிமீட்டர். அதற்கும் மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் முடியைச் சீப்பில்லாத டிரிம்மரால் எடுத்தால் போதும், பிளேடு வேண்டாம். ஓரம் மெல்ல மெல்லத் தோலில் கரைய வேண்டும். சலூன்காரரிடம், “கன்னத்துல லைன் போடாதீங்க அண்ணே, தானா இருக்குற மாதிரி விடுங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. கழுத்துப் பக்கம் மட்டும், குரல்வளை மேட்டுக்கு இரண்டு விரல் மேலே, சுத்தமான ஓரம் இருக்கட்டும். இல்லையென்றால் மொத்தமும் கவனிக்காமல் விட்ட தாடி போல் ஆகிவிடும்.

எல்லாக் கன்னத்துக்கும் இது பலிக்காது. கன்ன எலும்பின் மேலும் நெற்றிப் பொட்டிலும் உள்ள குழிகளைத் தாடி எட்டாது. கீழே கருகருவென்று தாடி இருந்தால் அவை கூடுதலாகவே தெரியும்; அப்படிப்பட்டவர்கள் 3 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொள்வது மேல். சீழ் வைத்த பருக்கள் இன்னும் வந்துகொண்டிருந்தால் முதலில் தோல் மருத்துவரிடம் போக வேண்டும். அதுவரை பருவின் மேல் டிரிம்மரை அழுத்தி ஓட்டாதீர்கள்.