ஒன்றாம் தேதி வேலை, இன்னும் போன் வரவில்லை

தீபாவளி நெருங்கினால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கிடங்குகளில் இரண்டு மாத வேலைக்கு ஆள் எடுப்பார்கள். ஆன்லைனில் வாங்கும் புடவையும் மிக்ஸியும் பார்சலாகிப் போக வேண்டுமே. கிடங்குக் கம்பெனி பெரும்பாலும் நேரடியாக ஆள் எடுக்காது. நடுவில் ஒரு கான்ட்ராக்ட் ஏஜென்சி இருக்கும். இன்டர்வியூ வைப்பது, "ஒன்றாம் தேதி ஜாயினிங், போன் பண்றோம்" என்று சொல்லி அனுப்புவது எல்லாம் ஏஜென்சிக்காரர்தான். அதன்பின் போன் வராது.

திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்வோம். சனிக்கிழமை 19ஆம் தேதி இன்டர்வியூ முடிந்தது. வேலை வியாழக்கிழமை 1ஆம் தேதி. ரூமுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். இப்போது பார்க்கும் கடை வேலையில் சொல்லிவிட்டு வர வேண்டும். 25ஆம் தேதி ஆகியும் தகவல் இல்லை. "நம்மை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள் போல" என்று அவன் நினைக்கிறான்.

பெரும்பாலும் அப்படி இருக்காது. எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கிடங்குக் கம்பெனிதான் சொல்லும். அந்த எண்ணிக்கை கடைசி வாரத்தில்கூட மாறும். ஷிப்ட் பிரிப்பது தள்ளிப்போகும், முதல் பேட்ச் 50 பேர் என்றிருந்தது 30 ஆகும். அதைச் சொல்ல ஏஜென்சிக்காரருக்கும் தகவல் வந்திருக்காது. "சார், எனக்கு வேலை கன்பார்மா?" என்று கேட்டால், தெரியாத மனிதர் "சொல்றோம்" என்றுதான் சொல்வார். அவரால் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேட்பதுதான் வழி. லிஸ்டில் பெயர் போயிருக்கிறதா, எந்த பேட்ச், எண்ணிக்கை என்றைக்குத் தெரியும் என்ற மூன்றும் அவர் மேசையிலேயே இருக்கிற விவரங்கள்.

வெள்ளிக்கிழமை 25ஆம் தேதி, காலை ஷிப்ட் அட்டெண்டன்ஸ் பரபரப்பு அடங்கிய பிறகு, பதினோரு மணிவாக்கில் அவன் இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்பலாம்:

"வணக்கம் சார். 19ஆம் தேதி பேக்கிங் வேலைக்கு இன்டர்வியூவுக்கு வந்தவன். 1ஆம் தேதி ஜாயினிங் என்று சொல்லியிருந்தீர்கள். என் பெயர் லிஸ்டில் போயிருக்கிறதா, எந்த பேட்ச் என்று சொல்ல முடியுமா? வெளியூரிலிருந்து வருவதால் 29ஆம் தேதி மாலைக்குள் தெரிந்தால் பஸ், ரூம் ஏற்பாடு செய்துகொள்வேன். ஆதார், பான், பாஸ்புக் எல்லாம் ரெடி."

பெயரும் இன்டர்வியூ தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் நூறு பேரைப் பார்த்திருப்பார். 29 என்ற தேதியை நான் முக்கியமாக நினைக்கிறேன். மிரட்டலாக இல்லாமல், காரணத்தோடு வைத்த கெடு அது. திங்கள் 28 வரை பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை போன் செய்யலாம். தினமும் இரண்டு முறை அழைப்பதால் எண்ணிக்கை சீக்கிரம் வந்துவிடாது.

"வாங்க, பார்த்துக்கலாம்" என்று பதில் வந்தால் அதை நம்பிப் பெட்டி கட்டக் கூடாது. எந்த கேட், எத்தனை மணி, யாரைப் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்குச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். உண்மையிலேயே லிஸ்டில் இருப்பவனுக்கு இதை அனுப்ப ஐந்து நிமிடம் போதும். அனுப்பத் தயங்கினால் இடம் இன்னும் உறுதியாகவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். யூனிஃபார்முக்கோ பதிவுக்கோ முன்பணம் அனுப்பு என்று கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். வேலை கொடுப்பவர் பணம் கேட்கத் தேவையில்லை.

காத்திருக்கும் நாட்களில் ஆதாரிலும் பானிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுவது நல்லது. முன்பு எங்காவது பி.எஃப். பிடித்திருந்தால் அந்த யு.ஏ.என். எண்ணைத் தேடி எடுத்து வைக்க வேண்டும். லிஸ்டில் பெயர் இருந்தும், இனிஷியல் மாறியதால் பதிவு ஏறாமல் முதல் நாளே கேட்டில் நிற்க நேர்ந்தால் மனசு விட்டுப்போகும்.

29 மாலையும் தகவல் இல்லையா? ரூமுக்கு அட்வான்ஸ் வேண்டாம், கடை வேலையையும் விட வேண்டாம். ஆனால் கதவைச் சாத்தியும் விடக் கூடாது. "சார், இப்போதைக்கு ஊரிலேயே இருக்கிறேன். இடம் வந்தால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள், அடுத்த நாள் காலையில் வந்துவிடுவேன்" என்று கடைசியாக ஒரு வரி அனுப்பி வைக்கலாம். வருகிறேன் என்று சொன்னவர்களில் சிலர் முதல் நாள் வரவே மாட்டார்கள், சிலர் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் நின்றுவிடுவார்கள். அந்த இடத்தை நிரப்ப ஏஜென்சிக்காரர் போனை எடுக்கும்போது, வரத் தயார் என்று சொல்லி வைத்தவன் பெயர்தான் முதலில் கண்ணில் படும். அப்படி அழைப்பு வந்தாலும் அவன் முதலில் கேட்க வேண்டியது அதே கேட், நேரம், சம்பள விவரம்தான்.