ஐந்நூறு சார்ட்டுகளுக்கு இரண்டு எண்கள்

2024 ஜூன் 3, திங்கட்கிழமை. தேர்தல் கருத்துக்கணிப்புகள் சனிக்கிழமை மாலையே வெளிவந்துவிட்டதால் பங்குச்சந்தை உற்சாகத்தில் மிதந்தது. நிஃப்டி ஒரே நாளில் மூன்று சதவீதத்துக்கும் மேல் ஏறி 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. முடிவுகள் கணிப்புகளோடு ஒத்துப்போகாததால் நிஃப்டி 5.9 சதவீதம் சரிந்து 21,884.50-ல் நின்றது. 2020 மார்ச் மாதக் கொரோனா பீதிக்குப் பிறகு ஒரே நாளில் அவ்வளவு பெரிய சரிவு வந்ததில்லை.

அன்று மாலை நிஃப்டி சார்ட்டில் பாலிஞ்சர் பட்டைகளை வரைந்து பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. நான்காண்டுகளில் மிகப் பெரிய சரிவு வந்த பிறகும் முடிவு விலை கீழ்ப்பட்டைக்கு வெளியே போகவில்லை. அதற்கு முந்தைய நாளோ மேற்பட்டையைத் தாண்டி முடிந்திருந்தது. இந்தப் புதிரைக் கண்ணால் பார்த்து அவிழ்ப்பது கடினம். எண்ணாக மாற்றினால் எளிது.

அமெரிக்கப் பகுப்பாய்வாளர் ஜான் பாலிஞ்சர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பட்டைகள் இவை. கடைசி 20 நாட்களின் முடிவு விலைகளுக்குச் சராசரி எடுத்தால் நடுக்கோடு கிடைக்கும். அதே 20 விலைகளும் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதைத் திட்ட விலக்கம் சொல்லும். அதை இரண்டால் பெருக்கி நடுக்கோட்டுக்கு மேலே கூட்டினால் மேற்பட்டை, கீழே கழித்தால் கீழ்ப்பட்டை. சந்தை அமைதியானால் பட்டைகள் நெருங்கும், கொந்தளித்தால் விரியும். இந்தப் பட்டைகளிலிருந்து பாலிஞ்சரே இரண்டு எண்களைப் பிரித்தெடுத்தார்.

```
%b        = (விலை − கீழ்ப்பட்டை) / (மேற்பட்டை − கீழ்ப்பட்டை)
BandWidth = (மேற்பட்டை − கீழ்ப்பட்டை) / நடுக்கோடு
```

முதல் எண்ணான பெர்சென்ட் பி, விலை பட்டைக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. கீழ்ப்பட்டையில் 0, நடுக்கோட்டில் 0.5, மேற்பட்டையில் 1. வெளியே போனால் ஒன்றைத் தாண்டும் அல்லது பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். இரண்டாவதான பேண்ட்விட்த், பட்டையின் அகலம் சராசரி விலையில் எத்தனை பங்கு என்று சொல்கிறது. நூறால் பெருக்கினால் சதவீதம்.

இப்போது நிஃப்டிக்குத் திரும்பலாம். மே 31 அன்று பெர்சென்ட் பி ஏறத்தாழ 0.55. குறியீடு பட்டையின் நடுவில் இருந்தது. ஜூன் 3 அன்று அது 1.05 ஆனது. ஜூன் 4 அன்று 0.08. ஒரே நாளில் பட்டையின் உச்சியிலிருந்து அடிவாரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் பூஜ்யத்தைத் தொடவில்லை.

காரணம் இரண்டு. பெர்சென்ட் பி நேற்றைய விலையோடு இன்றைய விலையை ஒப்பிடுவதில்லை, கடைசி 20 நாட்களோடு ஒப்பிடுகிறது. மே 9 அன்றே நிஃப்டி 21,957.50-ல் முடிந்திருந்தது. ஜூன் 4-ன் விலை அதைவிட 73 புள்ளிகள்தான் குறைவு. ஒரு நாள் கணக்கில் பேரிடியாகத் தெரிந்தது, ஒரு மாதக் கணக்கில் பழைய தாழ்வுக்குச் சற்றுக் கீழே இறங்கியது மட்டுமே. இரண்டாவது காரணம், பட்டையே விரிந்துகொண்டிருந்தது. மே 31 அன்று சுமார் 5.2 சதவீதமாக இருந்த பேண்ட்விட்த், ஜூன் 3-ல் 6 ஆகி, ஜூன் 4-ல் 6.5-ஐ எட்டியது. விலை ஓட ஓட எல்லைக்கோடும் சேர்ந்து விலகுகிறது, ஏனெனில் இன்றைய விலையும் அந்த 20 விலைகளில் ஒன்று.

இந்தக் கடைசி உண்மையிலிருந்து, சார்ட் பார்க்கும் பலர் அறியாத ஒரு விஷயம் பிறக்கிறது. பெர்சென்ட் பி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற முடியாது. n எண்களில் எந்த ஓர் எண்ணும் சராசரியிலிருந்து திட்ட விலக்கத்தின் √(n−1) மடங்குக்கு மேல் விலகி நிற்க முடியாது என்பது கணிதம். பொருளியல் நோபல் பெற்ற பால் சாமுவேல்சன் 1968-ல் இதைப் பற்றி எழுதியதால் அவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. 20 நாட்களுக்கு அந்த எல்லை √19, அதாவது 4.36 மடங்கு. பட்டையின் முழு அகலம் நான்கு திட்ட விலக்கம் என்பதால், பெர்சென்ட் பி-யின் உச்சவரம்பு 1.59, அடிவரம்பு −0.59. ஒரு பங்கு ஒரே நாளில் பத்து மடங்கு ஆனாலும் 1.59-ஐத் தாண்டாது.

ஒரே சார்ட்டைப் பார்ப்பவருக்கு இந்த எண்கள் இல்லாமலும் காலம் ஓடும். நிஃப்டி 500 பட்டியலில் உள்ள அத்தனை பங்குகளையும் மாலைக்குள் பார்க்க நினைப்பவருக்கு ஓடாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்ஆர்எஃப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அதே சந்தையில் ஐம்பது ரூபாய்ப் பங்குகளும் விற்கின்றன. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: லட்ச ரூபாய்ப் பங்கின் பட்டை 98,000 முதல் 1,02,000 வரை, ஐம்பது ரூபாய்ப் பங்கின் பட்டை 48 முதல் 52 வரை. ரூபாயில் பார்த்தால் முன்னதன் அகலம் நாலாயிரம், பின்னதன் அகலம் நான்கு. பேண்ட்விட்த்திலோ முன்னது 4 சதவீதம், பின்னது 8. அமைதியாக இருப்பது லட்ச ரூபாய்ப் பங்குதான். இரண்டும் முறையே 1,01,500-லும் 51.50-லும் முடிந்தால் இரண்டுக்கும் பெர்சென்ட் பி ஒன்றே, 0.875. ரூபாய் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறது. மிஞ்சுவது வரிசைப்படுத்தக்கூடிய வெறும் எண்.

ஆனால் பேண்ட்விட்த்தை அப்படியே வரிசைப்படுத்தினால் ஏமாற்றம்தான். அன்றாட நுகர்பொருள் நிறுவனங்களின் பங்குகள் இயல்பிலேயே சாதுவானவை. சிறு உலோக நிறுவனங்களின் பங்குகள் இயல்பிலேயே துள்ளுபவை. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் பட்டியலின் தலையில் எப்போதும் அதே சாதுப் பங்குகள்தான் வந்து நிற்கும். பட்டை இறுகிக் கிடக்கும் நிலைக்கு வர்த்தகர்கள் வைத்திருக்கும் பெயர் ஸ்க்வீஸ். பாலிஞ்சர் அதற்குச் சொன்ன அளவுகோல், பேண்ட்விட்த் ஆறு மாதங்களில் மிகக் குறைந்த மதிப்பைத் தொடுவது. அதாவது ஒவ்வொரு பங்கையும் அதன் சொந்தக் கடந்த காலத்தோடுதான் ஒப்பிட வேண்டும். 4 சதவீதம் ஒரு பங்குக்குப் பேரமைதி, இன்னொன்றுக்கு வழக்கமான நாள். ஆறு மாதம் என்றால் ஏறத்தாழ 125 வர்த்தக நாட்கள். அந்த 125 மதிப்புகளில் இன்றைய பேண்ட்விட்த் கீழிருந்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று எண்ணினால், அந்த இடவரிசை எண்ணைக் கொண்டு எந்தப் பங்கையும் எந்தப் பங்கோடும் ஒப்பிடலாம்.

ஸ்க்வீஸ் திசையைச் சொல்வதில்லை. கொந்தளிப்பும் அமைதியும் மாறி மாறி வரும் என்ற அனுபவத்தின் மேல்தான் அது நிற்கிறது. அடுத்து வரும் பாய்ச்சல் மேலேயா கீழேயா என்பதற்கு அதில் விடை கிடையாது. முதல் பாய்ச்சல் ஒரு பக்கம் போக்குக் காட்டிவிட்டு விலை மறுபக்கம் திரும்பிவிடுவதும் உண்டு என்று பாலிஞ்சரே எச்சரித்திருக்கிறார். ஐந்நூறு பங்குகளைத் தேடும்போது இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். 125 நாட்களில் எந்த நாள் தாழ்வாக அமையும் என்பது முழுக்கத் தற்செயல் என்று வைத்துக்கொண்டாலும், தினமும் சராசரியாக நான்கு பங்குகள் ஆறு மாதத் தாழ்வில் இருக்கத்தான் செய்யும். உண்மையில் அமைதி கூட்டமாக வரும். சந்தை முழுதும் தூங்கும் வாரங்களில் பட்டியல் நீண்டுவிடும். அப்போது அது அந்தந்தப் பங்கைப் பற்றிச் சொல்வதைவிடச் சந்தையைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

இந்தத் தேடலைக் கெடுக்கும் பெரிய எதிரி போனஸ் பங்கு. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்தபோது பங்கின் விலை பாதியானது. முதலீட்டாளருக்கு நட்டமில்லை, கையிலுள்ள பங்குகள் இரட்டிப்பாகிவிட்டன. பழைய விலைகளையும் பாதியாக்கித் திருத்தாத தரவை வைத்திருப்பவரின் கணினிக்கோ அது 50 சதவீதச் சரிவு. இப்படிப்பட்ட பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் என்பதுதான் ஆறுதல். 19 நாட்கள் ஒரே விலையில் இருந்த பங்கு இருபதாம் நாள் பாதியானால் பெர்சென்ட் பி சரியாக அடிவரம்பான −0.59-ல் விழும், பேண்ட்விட்த் 45 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். நிஜ விலைகள் முன்பின்னாக ஆடுவதால் எண்கள் சற்று விலகலாம். இந்த ஜோடி எண்களுக்கு அருகே எது தென்பட்டாலும், சந்தைச் செய்தியைத் தேடும் முன் போனஸ் அறிவிப்பைத் தேடுவது நல்லது. ஒரே பங்குக்கு இரண்டு மென்பொருள்கள் சற்றே வேறான பேண்ட்விட்த்தைக் காட்டினால் அதற்குக் காரணம் வேறு. பாலிஞ்சர் திட்ட விலக்கத்தை 20-ஆல் வகுத்துத்தான் காண்கிறார். எக்செலில் அது `STDEV.P`. தவறி `STDEV.S` போட்டால் 19-ஆல் வகுபட்டு, பட்டை இரண்டரை சதவீதம் போல அகன்றுவிடும்.

பேண்ட்விட்த் பெரிதாக இருந்தால் பங்கு தாறுமாறாக ஆடுகிறது என்று முடிவு கட்டுவதும் அவசரம். சிறு சறுக்கலும் இல்லாமல் தினமும் ஒரே ஒரு ரூபாய் ஏறும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். 20 நாள் சராசரி 100 ரூபாயாக இருக்கும்போது இன்றைய விலை 109.50. திட்ட விலக்கம் 5.77. பேண்ட்விட்த் 23 சதவீதம்! பதற்றமே இல்லாத இந்த நேர்க்கோட்டுக்கு, தேர்தல் வார நிஃப்டியின் பேண்ட்விட்த்தைப் போல மூன்றரை மடங்கு. நேரான ஏற்றமும் கொந்தளிப்பும் திட்ட விலக்கத்துக்கு ஒன்றுதான், இரண்டுமே சராசரியிலிருந்து விலகல். இங்கேதான் மற்ற எண் துணைக்கு வருகிறது. இந்தப் பங்கின் பெர்சென்ட் பி 0.91. நாளையும் 0.91, மறுநாளும் 0.91. மேற்பட்டையை ஒருமுறைகூடத் தொடாமல் அதன் ஓரமாகவே நடக்கும். கொந்தளிக்கும் பங்கின் பெர்சென்ட் பி, ஜூன் 3-க்கும் 4-க்கும் இடையில் நடந்ததுபோல, ஒன்றைத் தாண்டியும் பூஜ்யத்தை ஒட்டியும் அலையும்.

எதிர்த்திசையிலும் இதே எச்சரிக்கை உண்டு. பேண்ட்விட்த் 2 சதவீதமாக இறுகிய பங்கில் விலை ஒரு சதவீதம் அசைந்தால் போதும், பெர்சென்ட் பி பாதித் தூரம் தாவிவிடும். அத்தகைய பங்கில் 1.02 என்ற எண் பெரிய செய்தி அல்ல. ஆகவே தேடல் அட்டவணையில் பெர்சென்ட் பி, பேண்ட்விட்த், அதன் ஆறு மாத இடவரிசை ஆகிய மூன்று பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் இடவரிசையால் வடிகட்டி, மிஞ்சிய பத்துப் பதினைந்து பங்குகளின் சார்ட்டுகளை மட்டும் திறந்து கண்ணால் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பெர்சென்ட் பி ஒன்றைத் தாண்டிய பங்குகளை மட்டும் கேட்டு வடிகட்டினால், இறுகிய பட்டைகளின் சின்னச் சின்னத் துள்ளல்களும் அதே பட்டியலில் வந்து குவியும்.