விளையாட்டு முன்கட்டில், அலுவலகம் பின்கட்டில்

2023 ஜூன் மாதம் மைன்கிராஃப்ட் விளையாடும் பிள்ளைகள் பலரின் கம்ப்யூட்டருக்குள் ஃபிராக்சரைசர் என்ற வைரஸ் புகுந்தது. அந்த விளையாட்டில் புதிய வசதிகளைச் சேர்க்க 'மாட்' எனப்படும் கோப்புகளை இறக்கிக்கொள்வார்கள். அவற்றைத் தரும் கர்ஸ்ஃபோர்ஜ் தளத்திலேயே சில மாட்களுக்குள் அது ஒளிந்திருந்தது. திருட்டு விளையாட்டு விற்கும் தளமல்ல அது. எல்லாரும் நம்பி இறக்கும் இடம். பிரௌசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டுகளை வைரஸ் திருடியது, அதே கம்ப்யூட்டரில் இருந்த மற்ற ஜாவா கோப்புகளிலும் தன்னை எழுதிவைத்தது.

பிள்ளைகளைத் திட்டிப் பயனில்லை. யாரோ எழுதிய மாட், யாரோ நடத்தும் சர்வர், முகம் தெரியாதவர்களோடு பேச்சு என்று வெளியாரோடு கலந்து பழகுவதற்கென்றே இருக்கும் பெட்டி அது. அந்தப் பெட்டியும் அப்பாவின் ஆபீஸ் லேப்டாப்பும் ஒரே வைஃபையில் இருப்பதுதான் சிக்கல்.

நெட் இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போகும் ரௌட்டரில், வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒன்றையொன்று பார்க்கலாம், பேசலாம். ஆபீஸ் லேப்டாப்பில் ஒழுங்கான ஃபயர்வால் இருந்தால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். பகிர்ந்து வைத்த ஃபோல்டர், பழைய பிரிண்டர், தொழிற்சாலை பாஸ்வேர்டை மாற்றாத கேமரா ஆகியவை அப்படித் தப்பா. 2016-இல் இணையத்தை உலுக்கிய மிராய் வைரஸ், அறுபது சொச்சம் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அதை எழுதிய மூன்று அமெரிக்க இளைஞர்களுக்கு மைன்கிராஃப்ட் சர்வர் தொழிலில்தான் போட்டி இருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. அதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்றவற்றில் நண்பர்களோடு நேரடியாக விளையாடவும் பேசவும், வெளியிலிருந்து வரும் இணைப்பை ரௌட்டர் உள்ளே விட வேண்டியிருக்கும். அதற்காக ரௌட்டரில் UPnP என்றொரு வசதி இருக்கிறது. ஒரு கருவி "எனக்கு இந்தக் கதவைத் திற" என்று கேட்டால், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் ரௌட்டர் திறந்துவிடும். கேட்டது விளையாட்டுப் பெட்டியா, வைரஸ் பிடித்த கேமராவா என்று அதற்குத் தெரியாது. அணைத்து வைத்தால் ஆபீஸுக்கு நல்லது, விளையாட்டு திணறும். திறந்து வைத்தால் விளையாட்டு ஓடும், மற்றவற்றுக்கு ஆபத்து. ஒரே ரௌட்டரை வைத்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் திருப்திப்படுத்த முடியாது.

அதனால் இரண்டாவது ரௌட்டர் ஒன்றை வாங்குகிறார்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: தொந்தரவு விளையாட்டால் என்பதால், விளையாட்டுப் பெட்டியைப் புதிய ரௌட்டருக்கு மாற்றிவிடுகிறார்கள். செய்ய வேண்டியது தலைகீழ். பழைய வீடுகளின் முன்கட்டு, பின்கட்டுபோல இதை நினைத்துக்கொள்ளலாம். வாசலில் இருக்கும் முதல் ரௌட்டர் முன்கட்டு. அதிலிருந்து கேபிள் இழுத்து மாட்டும் இரண்டாவது ரௌட்டர் பின்கட்டு. பின்கட்டில் இருப்பவர் முன்கட்டுக்கு வந்துதான் தெருவுக்குப் போவார். முன்கட்டில் இருப்பவருக்கோ பின்கட்டுக்குள் நுழைய வழியில்லை. விளையாட்டைப் பின்னால் வைத்தால், வைரஸ் பிடித்த கம்ப்யூட்டரிலிருந்து முன்னால் உள்ள ஆபீஸ் லேப்டாப்பை எட்டிவிடலாம். போதாக்குறைக்கு, விளையாட்டு இரண்டு ரௌட்டர்களைத் தாண்ட வேண்டும் என்பதால் அதுவும் கெடும். எக்ஸ்பாக்ஸ் திரையில் Double NAT என்று வரும் எச்சரிக்கை இதைத்தான் சொல்கிறது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு கேமிங் கம்ப்யூட்டர், ஒரு பிளேஸ்டேஷன், இரண்டு ஆபீஸ் லேப்டாப், ஒரு ஸ்மார்ட் டிவி, சில கேமராக்களும் பல்புகளும். நெட் நிறுவனம் தந்த முதல் ரௌட்டரின் சாதாரண வைஃபை விளையாட்டுக்கு. UPnP அதில் இருக்கட்டும். அதே ரௌட்டரில் கெஸ்ட் வைஃபையை இயக்கி டிவி, கேமரா, பல்புகளை அதில் சேர்க்கலாம். லேப்டாப்கள் இரண்டாவது ரௌட்டரில். பரணில் கிடக்கும் பழைய ரௌட்டரே போதும், அதற்குப் புதிய ஃபர்ம்வேர் இன்னும் வந்துகொண்டிருந்தால்.

முதல் ரௌட்டரின் LAN துளையிலிருந்து வரும் கேபிளை, இரண்டாவதின் WAN துளையில் செருக வேண்டும். LAN-இல் செருகினாலும் நெட் வரும் என்பதுதான் வம்பு. அப்போது அது வெறும் வைஃபை நீட்டிப்பாகிவிடும், பிரிவினை நடந்திருக்காது. இரண்டு ரௌட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்திருந்தாலும் குழப்பம்தான். பின்கட்டு ரௌட்டரை 192.168.50.1 என்று மாற்றிவிடுங்கள். பிறகு ஆபீஸ் லேப்டாப்பில், ஆபீஸ் விபிஎன்னை அணைத்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் இதை அடியுங்கள்:

```
tracert -d 8.8.8.8
```

முதல் வரியில் 192.168.50.1, இரண்டாவதில் 192.168.1.1 வந்தால் லேப்டாப் பின்கட்டில் இருக்கிறது. முதல் வரியிலேயே 192.168.1.1 வந்தால் கேபிள் தப்பான துளையில் இருக்கிறது, அல்லது லேப்டாப் பழைய வைஃபையையே பிடித்திருக்கிறது. கெஸ்ட் வைஃபைக்கும் ஒரு சோதனை வேண்டும். சில ரௌட்டர்களில் கெஸ்ட் என்பது பெயரளவுக்குத்தான். போனை அதில் இணைத்து, பிரௌசரில் 192.168.1.1 என்று போட்டுப் பாருங்கள். ரௌட்டரின் லாகின் பக்கம் வந்தால், அந்தத் தடுப்பை நம்ப வேண்டாம். செட்டிங்கில் கெஸ்ட் கருவிகளை உள் நெட்வொர்க்கிலிருந்து விலக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தும் பிளேஸ்டேஷனில் NAT Type 3 என்றே காட்டலாம். முதல் ரௌட்டரின் WAN முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், நெட் நிறுவனமே பல வீடுகளை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது. அந்தக் கதவு உங்கள் கையில் இல்லை. தனி முகவரி கேட்டு வாங்கினால் உண்டு. அதேபோல, பெரிய விளையாட்டு இறங்கும்போது ஆபீஸ் வீடியோ கால் விக்குவதும் இந்தப் பிரிவினையால் தீராது, தெருவுக்குப் போகும் கம்பி இன்னும் ஒன்றுதான்.

பிரிண்டர் முன்கட்டில் இருந்தால் லேப்டாப் அதைத் தானாகக் கண்டுபிடிக்காது. முகவரியை எழுதிச் சேர்த்தால் அச்சடிக்கும். போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்ப, இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். கெஸ்டில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருந்தால் அதுவும் நடக்காது. படம் அனுப்பியே தீர வேண்டும் என்பவர்கள் டிவியை விளையாட்டுப் பக்கம் சேர்த்துவிடுவதுதான் நடைமுறை.

இரண்டாவது ரௌட்டர் வாங்கியும் தடுக்க முடியாதது ஒன்று உண்டு. லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்டு நிறுவனத்தில் 2022-இல் நடந்த திருட்டில், ஓர் ஊழியரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த, புதுப்பிக்காத மீடியா மென்பொருள் வழியாகத் திருடர்கள் நுழைந்து, அவர் தட்டச்சு செய்த முதன்மைப் பாஸ்வேர்டையே பிடித்தார்கள். ஆபீஸ் கணக்கை அந்தச் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அவர் திறந்திருந்தார். கேமிங் கம்ப்யூட்டரில் ஒருமுறை ஆபீஸ் மெயிலைத் திறந்தால் பின்கட்டு இருந்தும் இல்லாததுபோலத்தான். பின்கட்டு வைஃபையின் பாஸ்வேர்டும் அப்படியே: பையனின் போனில் ஒருமுறை போட்டுக் கொடுத்தால், அது அதன்பின் தானாகவே அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். விருந்தாளி வைஃபை கேட்டால் முன்கட்டுப் பெயரைச் சொல்லுங்கள்.