லப்… டப்… ஒரு துடிப்பில் ஆறு கட்டங்கள், தெரியுமா?

ஒரு நாளில் ஏறக்குறைய 4 மணி நேரம் உங்கள் இதயத்தின் இடது கீழறை எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொள்கிறது, தெரியுமா? அந்த நேரத்தில் ஒரு சொட்டு ரத்தம்கூட உள்ளே வராது, வெளியே போகாது. ஆனால் சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். அதன் மிகக் கடுமையான வேலையில் ஒரு பங்கு நடப்பதே அப்போதுதான்!

கணக்கு எளிது. நிமிடத்துக்கு 75 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. அதில் கதவுகள் எல்லாம் மூடியிருப்பது இரண்டு முறை: முதலில் 0.05 நொடி, பிறகு 0.08 நொடி. ஒரு நாளில் 1,08,000 துடிப்பு. பெருக்கிப் பாருங்கள், 14,040 நொடி. 4 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

மருத்துவ மாணவர்களைப் படுத்தி எடுக்கும் வளைகோட்டுப் படம் ஒன்று உண்டு. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் கார்ல் விக்கர்ஸ் பெயரால் அதை ‘விக்கர்ஸ் படம்’ என்பார்கள். அழுத்தம், கொள்ளளவு, ஈசிஜி, ஒலி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும். அதையே ஆறு வரி அட்டவணையாகச் சுருக்கிவிடலாம். கீழே இருப்பது ஓய்வாக இருக்கும் பெரியவர் ஒருவரின் இடது பாதி இதயம். அழுத்தம் மி.மீ. பாதரசத்தில், எல்லாம் தோராய எண்கள்.

| கட்டம் | நொடி | கீழறை அழுத்தம் | பெருந்தமனி அழுத்தம் | மிட்ரல் வால்வு | பெருந்தமனி வால்வு | ஒலி |
|---|---|---|---|---|---|---|
| 1. மேலறை சுருங்குதல் | 0.10 | 5 → 10 | 80ஐ நெருங்குகிறது | திறந்து | மூடி | அமைதி (சில நோய்களில் 4ஆம் ஒலி) |
| 2. கதவு மூடிய சுருக்கம் | 0.05 | 10 → 80 | 80 | மூடி | மூடி | தொடக்கத்தில் லப் |
| 3. வெளியேற்றம் | 0.25 | 80 → 120 → 100 | 80 → 120 → 100 | மூடி | திறந்து | அமைதி |
| 4. கதவு மூடிய தளர்வு | 0.08 | 100 → 10 | மெல்ல இறங்குகிறது | மூடி | மூடி | தொடக்கத்தில் டப் |
| 5. விரைவாக நிரம்புதல் | 0.12 | 10க்கும் கீழே | இறங்குகிறது | திறந்து | மூடி | இளையோருக்குச் சில வேளை 3ஆம் ஒலி |
| 6. மெதுவாக நிரம்புதல் | 0.20 | 5 அளவில் | இறங்குகிறது | திறந்து | மூடி | அமைதி |

வால்வைத் திறக்க ஆளே இல்லை, தெரியுமா?

மூளையிலிருந்து வால்வுக்கு ‘திற’, ‘மூடு’ என்று எந்த உத்தரவும் வருவதில்லை. வால்வின் இதழ்களை இழுத்துத் திறக்கும் தசையும் கிடையாது. காற்று எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் சாயும் ஒற்றைக் கதவு போலத்தான் அது. மேலறையின் அழுத்தம் கீழறையைவிடக் கூடுதலாக இருந்தால் மிட்ரல் திறக்கும், குறைந்தால் மூடும். கீழறையின் அழுத்தம் பெருந்தமனியை மிஞ்சினால் பெருந்தமனி வால்வு திறக்கும்.

இந்த ஒரே விதி போதும். வால்வு நிரல்கள் இரண்டையும் கையால் மறைத்துக்கொண்டு, அழுத்த எண்களை மட்டும் பார்த்துத் திரும்ப எழுதிவிடலாம்! இரண்டாம் வரியைப் பாருங்கள். கீழறை 10ஐத் தாண்டியதும் மேலறையை மிஞ்சிவிட்டது, அதனால் மிட்ரல் மூடியாயிற்று. பெருந்தமனியில் இருப்பதோ 80. அதை எட்டும்வரை அந்தக் கதவும் திறக்காது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ரத்தத்தைத் தசை பிழிகிறது, பிழிகிறது, 0.05 நொடியில் அழுத்தம் 70 மி.மீ. ஏறுகிறது. நொடிக்கு 1,400 என்ற வேகம்! தசை தளர்ந்துபோனவர்களுக்கு இந்த வேகம் குறையும். அதனால்தான் இதய மருத்துவர்கள் இதைத் தனியாக அளந்து பார்க்கிறார்கள்.

மிட்ரல் இதழ்களில் நூல் போன்ற நாண்களும், அவற்றைப் பிடித்திருக்கும் சிறு தசைகளும் உண்டே, அவை எதற்கு? கதவை மூட அல்ல. மூடிய கதவு அழுத்தம் தாங்காமல் மேலறைப் பக்கம் பிதுங்கிவிடாமல் இழுத்துப் பிடிக்க!

ரத்தம் மேட்டை நோக்கியும் ஓடும், தெரியுமா?

மூன்றாம் வரியில் கீழறைக்கும் பெருந்தமனிக்கும் ஒரே எண்களைப் போட்டிருக்கிறேன். அது சுருக்குவதற்காக. உண்மையில் வெளியேற்றத்தின் பிற்பாதியில் பெருந்தமனியின் அழுத்தம் கீழறையைவிட ஒரு துளி கூடிவிடுகிறது. நம் விதிப்படி அந்தக் கணமே வால்வு மூடியிருக்க வேண்டும். மூடுவதில்லை! மிதிப்பதை நிறுத்திய பிறகும் சைக்கிள் கொஞ்ச தூரம் மேடேறுவது போல, முன்பு வாங்கிய வேகத்திலேயே ரத்தம் தொடர்ந்து முன்னே போகிறது.

வேகம் தீர்ந்ததும் ரத்தம் பின்னால் திரும்பப் பார்க்கிறது. அந்த நொடியில் இதழ்கள் சட்டென்று விரிந்து அடைத்துக்கொள்கின்றன. அதுதான் டப். தீவிர சிகிச்சைப் பிரிவில் தமனிக்குள் ஊசி வைத்து ரத்த அழுத்தம் பார்க்கும்போது, திரையில் இறங்கும் கோட்டில் ஒரு சிறு பள்ளம் தெரியும். பெருந்தமனி வால்வு மூடிய தடம் அது.

கதவு திறக்கும்போது ஓசை வருமா? நலமான இதயத்தில் வராது. லப், டப் இரண்டுமே சாத்தப்படும் கதவும், அதோடு சேர்ந்து அதிரும் ரத்தமும் எழுப்பும் ஒலிகள். மிட்ரல் இதழ்கள் முடக்குவாதக் காய்ச்சலில் தடித்து ஒட்டிச் சுருங்கிப்போனால்தான், டப்புக்குப் பின் திறக்கும் ‘டக்’ ஓசையும் கேட்கும்.

மூச்சை இழுத்தால் டப் இரண்டாகும், தெரியுமா?

வலது பாதிக்கும் இதே ஆறு வரிகள்தான், எண்கள் மட்டும் சிறியவை. இடப்பக்கம் 120 வரை ஏறும்போது வலப்பக்கம் 25 போதும். ஆனால் வெளியே அனுப்பும் ரத்தம் இரண்டு பக்கமும் ஒரே அளவு, துடிப்புக்குச் சுமார் 70 மில்லி.

மூச்சை ஆழமாக இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் அழுத்தம் குறைகிறது, வலது இதயத்துக்குக் கூடுதல் ரத்தம் வருகிறது. அதை அனுப்பி முடிக்க நேரம் பிடிப்பதால் நுரையீரல் தமனி வால்வு சற்றுத் தாமதமாக மூடுகிறது. பெருந்தமனி வால்வு முன்பே மூடிவிட்டது. ஆக ஒரு டப், ‘ட்-டப்’ என்று பிளக்கிறது! மூச்சை விட்டால் மறுபடி ஒன்றாகிவிடும். மூச்சை இழுத்தாலும் விட்டாலும் அந்தப் பிளவு மாறாமல் நின்றால், மேலறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை இருக்கிறதா என்று மருத்துவர் தேடத் தொடங்குவார்.

இதயம் வேகமெடுத்தால் எந்த வரி முதலில் காணாமல் போகும், தெரியுமா?

ஆறாம் வரி! துடிப்பு 75ஆக இருக்கையில் கீழறை 0.3 நொடி சுருங்கும், 0.5 நொடி தளர்ந்திருக்கும். துடிப்பு 200 ஆனால் மொத்தமே 0.3 நொடிதான். அதில் சுருங்க ஏறக்குறைய 0.16, தளர வெறும் 0.14. உழைக்கும் நேரம் பாதியாகத்தான் குறைந்தது. நிரம்பும் நேரமோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. இடது கீழறையின் தசைக்குப் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கிறது. ஆகவே வேகமாக ஓடும் இதயம் தன் சாப்பாட்டு நேரத்தையே இழக்கிறது.

முதல் வரி அழிந்துபோகும் நோயும் உண்டு. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ அது. ஓய்வில் ஐந்தாம் வரியே பெரும்பங்கு ரத்தத்தை நிரப்பிவிடுவதால் பலர் தாங்கிக்கொள்கிறார்கள். கீழறை விறைத்துப் போனவர்களுக்கோ அந்தக் கடைசித் தள்ளல் இல்லாமல் மூச்சு வாங்கும்.

0.05 நொடியைக் காதால் கேட்கலாம், தெரியுமா?

இப்போது அட்டவணையை வேலைக்கு எடுப்போம். இரண்டு பெரியவர்கள் படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று வருகிறார்கள். இருவருக்கும் லப்புக்கும் டப்புக்கும் நடுவே ‘உஸ்ஸ்’ என்று ஒரு முணுமுணுப்பு. எந்தக் கதவில் கோளாறு?

லப் எது, டப் எது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கழுத்துத் தமனியில் விரல் வைத்தால், நாடி எழும்போது கேட்பது லப். பிறகு மூன்றாம் வரியைப் பார்க்க வேண்டும். மூடியிருக்க வேண்டியது மிட்ரல், திறந்திருக்க வேண்டியது பெருந்தமனி வால்வு. எனவே மிட்ரல் ஒழுகுகிறது, அல்லது பெருந்தமனி வால்வு சரியாகத் திறக்கவில்லை.

மிட்ரல் ஒழுகினால் எப்போது ஒழுகும்? கீழறை மேலறையை மிஞ்சிய உடனே. அதாவது இரண்டாம் வரியிலேயே தொடங்கி, மூன்றைக் கடந்து, நான்காம் வரியில் அழுத்தம் இறங்கும்வரை. முணுமுணுப்பு லப்போடு ஒட்டிப் பிறக்கும், டப்பையும் மூடிக்கொண்டு நீளும். இடது மார்பின் கீழே, இதயத்தின் நுனி துடிக்கும் இடத்தில் நன்றாகக் கேட்டு, அக்குள் பக்கம் பரவும்.

பெருந்தமனி வால்வு சுருங்கியிருந்தால்? இரண்டாம் வரி முழுவதும் அந்தக் கதவு மூடியே இருக்கிறது, ரத்தம் நகரவே இல்லை. ஆகவே லப்புக்குப் பின் ஒரு நூலிழை இடைவெளி, அதன் பிறகே முணுமுணுப்பு. ஏறி, இறங்கி, டப்புக்கு முன்பே நின்றுவிடும். நெஞ்செலும்பின் வலப்பக்கம் இரண்டாம் விலா இடைவெளியில் கேட்டு, கழுத்துக்கு ஏறும்.

முதல் பெரியவருக்கு அந்த இடைவெளி இருந்தது. எக்கோவில் வால்வு வழியாக ரத்தம் நொடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, மறுபடி நான்கால் பெருக்கினால் 81. கீழறைக்கும் பெருந்தமனிக்கும் நடுவே உச்சத்தில் ஏறக்குறைய 80 மி.மீ. வித்தியாசம்! கையில் பட்டை கட்டிப் பார்த்தால் ரத்த அழுத்தம் 110 என்று சாதுவாகக் காட்டும். உள்ளே கீழறையோ 190ஐ ஒட்டித் திணறிக்கொண்டிருக்கும்.

சத்தம் பெரிதானால் நோய் பெரிது என்றும் நினைக்கக் கூடாது. கீழறை களைத்துவிட்டால் பாய்ச்சல் குறைந்து முணுமுணுப்பும் தேய்ந்துவிடும். சுருக்கம் முற்ற முற்ற ஒலியின் உச்சம் டப்பை நோக்கித் தள்ளிப்போகும், அதைத்தான் கவனிக்க வேண்டும். எத்தனை சுருக்கம் என்பதை எக்கோ சொல்லும். எந்தக் கதவு என்பதை, லப்புக்குப் பின் வரும் அந்த 0.05 நொடி மௌனம் முன்கூட்டியே சொல்லியிருக்கும்.