பூலில் போட்ட ஈதர் எங்கே போகிறது?

2021 ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ஈதரின் விலை சுமார் 1000 டாலர். மே இரண்டாவது வாரத்தில் அது 4000 டாலரைத் தாண்டியது. அந்த ஜனவரியில் ஒருவர் ஒரு ஈதரையும் 1000 யுஎஸ்டிசியையும் யூனிஸ்வாப்பின் லிக்விடிட்டி பூலில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். யுஎஸ்டிசி என்பது ஒரு டாலர் மதிப்பில் நிற்கும்படி வெளியிடப்படும் டோக்கன். ஈதர் 4000 டாலரைத் தொட்ட அன்று, கமிஷனைச் சேர்க்காமல் பார்த்தால், அவர் பங்கின் மதிப்பு 4000 டாலர். போட்டது 2000, இருப்பது 4000. இதில் நஷ்டம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றும்.

அதே இரண்டு டோக்கன்களையும் பூலில் போடாமல் சும்மா வைத்திருந்தால் அவரிடம் 5000 டாலர் இருந்திருக்கும். குறைகிற அந்த 1000 டாலரைத்தான் ‘இம்பர்மனென்ட் லாஸ்’ என்கிறார்கள். போட்ட பணத்தோடு ஒப்பிட்டால் இது கண்ணில் படாது. சும்மா வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தால்தான் தெரியும்.

குறைந்த பணம் யாரிடம் போனது? பூலில் விலையை நிர்ணயிக்க ஆள் கிடையாது. யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் இருப்பது `x * y = k` என்ற ஒரே விதி. கமிஷனை ஒதுக்கிவிட்டால், இரண்டு டோக்கன்களின் எண்ணிக்கையைப் பெருக்கி வரும் தொகை, வாங்கல் விற்றலால் மாறக்கூடாது. ஒரு பூலில் 100 ஈதரும் 1,00,000 யுஎஸ்டிசியும் இருக்கின்றன. நம்மவர் பங்கு அதில் நூறில் ஒன்று. வெளிச்சந்தையில் ஈதர் 1100 டாலருக்கு ஏறுகிறது. பூலுக்கு அது தெரியாது. தங்கம் விலை ஏறிய பிறகும் நேற்றைய ரேட்டையே போர்டில் வைத்திருக்கும் நகைக்கடை மாதிரி, அது இன்னும் 1000 டாலரைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்காகவே காத்திருக்கும் ஆர்பிட்ரேஜ் வியாபாரிகள் உடனே உள்ளே வருகிறார்கள். பூலின் விலையும் 1100 ஆகும்வரை வாங்குகிறார்கள். சுமார் 4.65 ஈதர் வெளியே போகிறது, 4,881 யுஎஸ்டிசி உள்ளே வருகிறது. ஈதர் ஒன்றுக்கு அவர்கள் கொடுத்தது சராசரியாக 1049 டாலர். வெளியே அதை 1100க்கு விற்கலாம். அவர்களுக்குக் கிடைத்த ஏறக்குறைய 238 டாலர் லாபம்தான் பூலில் பணம் போட்டவர்களின் நஷ்டம். விலை ஏறுகிற ஒவ்வொரு படியிலும் இதே கதை. 4000 டாலரை எட்டும்போது நம்மவர் பங்கில் மிஞ்சுவது அரை ஈதரும் 2000 யுஎஸ்டிசியும்.

விலை இறங்கினாலும் தப்பில்லை. ஈதர் 250 டாலருக்கு விழுந்திருந்தால் அவர் கையில் இரண்டு ஈதரும் 500 யுஎஸ்டிசியும் இருக்கும், மதிப்பு 1000 டாலர். சும்மா வைத்திருந்தால் 1250. நான்கு மடங்கு ஏறினாலும் நாலில் ஒன்றாக இறங்கினாலும் குறைவது அதே 20 சதவீதம். இரண்டு மடங்கு மாறினால் 5.7 சதவீதம், ஒன்றரை மடங்கு ஏறினால் இரண்டு சதவீதம்தான்.

விலை புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் இந்த நஷ்டம் மறைந்துவிடும். 2022 ஜூனில் ஈதர் மறுபடியும் 1000 டாலர் பக்கம் வந்தது. அதுவரை பூலிலேயே விட்டிருந்தவருக்கு ஒரு ஈதர், 1000 யுஎஸ்டிசி, மேலே கமிஷன். 4000 டாலரில் எடுத்தவருக்கு நஷ்டம் நஷ்டம்தான். ஆனால் எடுக்காமல் இருந்தவர் அதைவிட நன்றாக இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் ஈதரே விழுந்துவிட்டது! எல்லா டோக்கனும் திரும்பி வருவதும் இல்லை. 2022 மே மாதம் லூனா சரிந்தபோது, எல்லோரும் தங்கள் லூனாவைப் பூலில் தள்ளிவிட்டு மறுபக்க டோக்கனை அள்ளிக்கொண்டு போனார்கள். பூலில் பணம் போட்டவர்களிடம் மிஞ்சியது பெரும்பாலும் லூனா.

இதற்கு ஈடாகக் கிடைப்பது கமிஷன். 2021இல் யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் ஒவ்வொரு வர்த்தகத்திலும் 0.3 சதவீதம் பூலில் சேர்ந்தது. நூறில் ஒரு பங்கு வைத்திருப்பவர் அந்த 1000 டாலரை ஈடுகட்ட, பூலில் சுமார் 3.3 கோடி டாலருக்கு வர்த்தகம் நடக்க வேண்டும். ஜனவரியிலிருந்து மே வரை என்றால் தினமும் 2.6 லட்சம் டாலர். ஆரம்பத்தில் பூலின் மொத்த மதிப்பே 2 லட்சம்தான். கூட்டம் அலைமோதும் பூலில் இது நடக்கலாம், ஈ ஓட்டுகிற பூலில் நடக்காது. ஆண்டு வருமானம் இத்தனை சதவீதம் என்று திரையில் பெரிதாகக் காட்டப்படும் எண் பெரும்பாலும் இந்தக் கமிஷனை மட்டுமே சொல்கிறது.

இந்த நஷ்டத்துக்கு ஈடு தருவதாகச் சொன்ன பேன்கோர் என்ற தளம், 2022 ஜூனில் சந்தை சரிந்தபோது அந்தப் பாதுகாப்பையே நிறுத்திவைத்தது. ஆகவே கணக்கை அவரவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும். போட்ட அன்று எத்தனை ஈதர், எத்தனை யுஎஸ்டிசி என்று எழுதி வைத்துக்கொண்டு, அந்த எண்ணிக்கையை இன்றைய விலையால் பெருக்கி, இன்று எடுத்தால் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட்டால் போதும். இரண்டாம் பதிப்பில் கமிஷன் பங்கிலேயே சேர்ந்துவிடுவதால் தனியாகக் கூட்டத் தேவையில்லை. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பில் கமிஷனைத் தனியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அதில் பணத்தைக் குறுகிய விலை வரம்புக்குள் குவிக்கலாம் என்பதால் கமிஷனும் கூடும்; அதே வேகத்தில் இந்த நஷ்டமும் கூடும்.