"அக்கா, ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன்"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டு சிஎன்சி மெஷின்களோடு பட்டறை நடத்தும் இளைஞர் ஒருவர் போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தம்பியின் கல்லூரி நண்பர். கல்யாண வீடுகளில் இரண்டொரு முறை பேசியிருக்கிறோம், அவ்வளவுதான் பழக்கம். "அக்கா, ஒரகடத்துல பர்ச்சேஸ் ஹெட்டா இருக்கறவர் உங்க பழைய பாஸாமே? எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்களேன், மத்தத நான் பாத்துக்கறேன்."

கேட்கப்படுபவர் ஒரு கார் உதிரிபாக நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அந்தப் பட்டறையிலிருந்து போன புஷ்களில் நிறைய திரும்பி வந்ததாக யாரோ எப்போதோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. உண்மையா, வேறு பட்டறையைப் பற்றிய பேச்சா என்று தெரியாது. முடியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை, சரி என்று சொல்லவும் துணிவில்லை.

அவர் வாயிலிருந்து வரப்போகும் அந்த ஒரு வார்த்தை என்னென்ன செய்யும் என்று பார்ப்போம். பழைய மேலாளர் இவர் போனை எடுப்பதற்குக் காரணம், தான் சரிபார்த்ததை மட்டுமே சொல்பவர் இவர் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அவர் தன் ஆட்களிடம் "பையனைக் கூப்பிட்டுப் பாருங்க" என்பார். மாதிரி ஆர்டர் போகும், பிறகு வழக்கமான ஆர்டர். அளவு தப்பிய பாகம் ஒன்று அசெம்பிளி லைன் வரை போய் லைன் நின்றால், அந்த நஷ்டத்தை சப்ளையர் கணக்கில் டெபிட் போடுவது இந்தத் தொழிலில் வழக்கம். இரண்டு மெஷின் பட்டறை அதைத் தாங்காது. அதோடு, "இவரை யார் கொண்டுவந்தது?" என்ற கேள்விக்கு மேலாளர் தன் அலுவலகத்தில் பதில் சொல்லியாக வேண்டும். எனவே தெரியாமல் செய்யும் அறிமுகம், கேட்ட பையனுக்கே கூடத் தீங்காக முடியலாம்.

முதலில் தன் தயக்கம் எந்த வகை என்று அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளைத் தெரியாததால் வந்த தயக்கம் ஒன்று. ஏதோ ஒன்றை நேரில் பார்த்ததால் வந்த தயக்கம் இன்னொன்று. இரண்டாவது வகை என்றால் மேற்கொண்டு விசாரிக்கத் தேவையில்லை, மறுத்துவிடலாம். முதல் வகை என்றால், மனமும் நேரமும் இருந்தால், கொஞ்சம் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. ஜிஎஸ்டி தளத்தில் அந்தப் பட்டறையின் பதிவு எண்ணைப் போட்டுத் தேடினால், எப்போது பதிவானது, ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கலாகிறதா என்பதை யாரும் பார்க்கலாம். பட்டறைக்கே ஒருமுறை போனால் இன்னும் நல்லது. மைக்ரோமீட்டரிலும் வெர்னியரிலும் காலாவதி ஆகாத கேலிப்ரேஷன் ஸ்டிக்கர் இருக்கிறதா? முதல் பீஸை அளந்து எழுதி வைக்கிறார்களா? கழித்த பாகங்கள் தனிப்பெட்டியில் கிடக்கின்றனவா, நல்ல பாகங்களோடு ஒரே மேசையிலா? தரத்துறையில் இருப்பவருக்கு இந்த மூன்றே போதும்.

இவ்வளவு செய்யும் கடமை யாருக்கும் இல்லை. செய்ய முடியாதபோது மறுப்பதுதான் நேர்மை. அந்த மறுப்பு அதே நாளிலோ மறுநாளோ போய்ச் சேர வேண்டும். இப்படிச் சொல்லலாம்:

"தம்பி, உன் வேலைய நான் இன்னும் பாத்ததில்ல. பாக்காத வேலைக்கு சார்கிட்ட என் பேர்ல சொல்றது எனக்குச் சரியா படல, அதனால அந்த அறிமுகம் என்னால முடியாது. புது ஆளுங்கள எடுக்கறது அங்க சப்ளையர் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட். அவங்களுக்கே நேரா எழுது. எழுதறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பு, என்ன விட்டுப்போச்சுனு பாத்துச் சொல்றேன்."

இதில் காரணம் முழுக்கச் சொல்பவரின் அறியாமையைப் பற்றியது. "உன் பாகங்கள் திரும்பி வந்ததாமே" என்று காதில் விழுந்ததை எடுத்துப் போட்டால், அது வழக்காடும் பேச்சாகிவிடும். பொய்யாக இருந்தாலோ, ஒரு தொழில் செய்பவரின் பெயரைக் கெடுத்த பாவமும் சேரும். "சார் ரொம்ப பிஸி" என்ற சாக்கும் வேண்டாம். பிஸி இல்லாத மாதம் பார்த்து அந்தப் பையன் மறுபடி கூப்பிடுவான், அதில் அவன் தவறு எதுவும் இல்லை.

மேலே சொன்ன பதிலில் இருக்கும் வழிகாட்டல் வெறும் ஆறுதல் பேச்சு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். கார் உதிரிபாகத் தொழிலில் எவ்வளவு பெரிய அதிகாரி சொன்னாலும், வெண்டர் பதிவுப் படிவம், ஜிஎஸ்டி, உத்யம் சான்றிதழ், தரச்சான்று, பட்டறைத் தணிக்கை, மாதிரி பாகத்துக்கான ஒப்புதல் என்ற வரிசையைத் தாண்டித்தான் ஆர்டர் வரும். மேலிடத்து அறிமுகம் கோப்பை முதல் மேசைக்குக் கொண்டுபோகும், அவ்வளவே. அந்த மேசைக்கு நேரே எழுதச் சொல்வது உண்மையான உதவி.

"சும்மா நம்பர் மட்டும் குடுங்கக்கா, உங்க பேர சொல்ல மாட்டேன்" என்று அடுத்த கோரிக்கை வரும். கொடுக்கவே கூடாது. "நம்பர் எப்படிக் கிடைத்தது?" என்று மேலாளர் கேட்ட நொடியில் இவர் பெயர் வந்துவிடும். அதைவிடக் கெடுதல், "தெரிந்த பையன், முடிந்தால் பாருங்கள்" என்ற அரைமனது வாட்ஸ்அப். அனுப்புபவர் அதை மறுப்புக்குப் பக்கத்தில் வைத்து எழுதுகிறார். பெறுபவரோ சிபாரிசாகத்தான் படிப்பார். "பார்க்கலாம் தம்பி" என்று இழுப்பதும் அப்படித்தான்: அதை நம்பி அந்தப் பையன் வேறு கதவைத் தட்டாமல் இரண்டு மாதம் காத்திருப்பான்.

ஆனால் அதிகம் பழகாதவர் என்பதற்காகவே எல்லோரையும் திருப்பி அனுப்புவதும் சரியில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு உதவியவர்கள் நெருங்கிய நண்பர்கள் அல்ல, எப்போதாவது சந்திப்பவர்களே என்று காட்டினார். நம் வட்டத்துக்குள் இருப்பவருக்குத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நமக்கும் தெரிந்தவர்களே. சற்றுத் தள்ளி இருப்பவர்தான் புதிய கதவைக் காட்ட முடியும். அந்தப் பையன் அக்காவைக் கூப்பிட்டது நியாயமான முயற்சிதான்.

சந்தேகம் லேசானதாக இருந்தால் நடுவழி ஒன்று உண்டு. அமெரிக்க முதலீட்டாளர் ஃப்ரெட் வில்சன் 2009இல் வலியுறுத்தி எழுதிய முறை அது: இருவரையும் சேர்த்துவிடும் முன் பெரியவரிடம் தனியாகச் சம்மதம் கேட்பது. பட்டறை, மெஷின், இப்போதைய வாடிக்கையாளர்கள், என்ன வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்லி, அதை மேலாளருக்கு இப்படி அனுப்பலாம்: "சார், தம்பியோட நண்பர். இவர் வேலை எனக்குத் தெரியாது, அதனால இது சிபாரிசு இல்ல. பயன்படும்னா சொல்லுங்க, அப்புறம் நம்பர் தரேன். வேண்டாம்னா நானே சொல்லிக்கறேன்." எவ்வளவு தெரியும் என்பதை மறைக்காமல் சொல்வதுதான் இதன் உயிர். அந்த ஒரு பக்கத்தையே எழுதி அனுப்பாதவர்களும் உண்டு. அப்போது கேள்வி தானாக முடிந்துவிடும்.

கேட்பவர் சொந்தக்காரராக இருந்தால் இன்னொரு விஷயமும் சேர்கிறது. உறவினர் சப்ளையராக வரும்போது அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது பல பெரிய நிறுவனங்களின் நடத்தை விதி. கேட்டவர் கொடுப்பவர் இருவரும் ஒரே நிறுவனத்தில் இருந்தால், சொல்லாமல் விட்டது ஒரு நாள் விசாரணையில் வரும்.

மறுத்த பிறகு தம்பியிடமிருந்து போன் வரலாம்: "என் ஃப்ரெண்டுக்கு இதுகூடச் செய்ய மாட்டியா?" அவனுக்கும் அதே பதில்தான். இருவருக்கும் வெவ்வேறு காரணம் சொன்னால் இரண்டும் பொய்யாகத் தெரியும். மறுப்பையும் மீறி அந்தப் பையன் ஒரகடத்துக்குப் போய் "அக்காதான் அனுப்பினாங்க" என்று சொன்னதாகத் தெரியவந்தால், அன்றைக்கே மேலாளருக்கு இரண்டு வரி எழுத வேண்டும்: "சார், அவரைத் தெரியும், ஆனால் நான் அனுப்பவில்லை. வழக்கமான முறையிலேயே பாருங்கள்."